அந்த மார்க் யாருடையது? அப்ரைசலைச் சரிசெய்ய நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் இடம் பெரிய கம்பெனி இல்லை. வார்ப்பு இரும்பைக் கடைந்து பம்புக்கான உதிரி பாகங்கள் செய்கிறோம். செய்ததில் பெரும்பகுதி வாளையாரைத் தாண்டிக் கோயமுத்தூருக்குப் போய்விடும். மூன்று லைன், லைனுக்கு ஒரு சூப்பர்வைசர், லைனுக்கு 14 பேர் வீதம் 42 ஆபரேட்டர்கள். பாதிப் பேர் பாலக்காட்டுப் பக்கம். மீதிப் பேர் எட்டிமடை, மதுக்கரை, வேலந்தாவளம் பக்கமிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிறவர்கள். ஆட்கள் சம்பந்தப்பட்ட காகிதங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வருடம் ஒருமுறை நடக்கும் அப்ரைசலில் சூப்பர்வைசர் தன் லைன் ஆட்களுக்கு 5-க்கு மார்க் போடுவார், அதைப் பொறுத்துத்தான் சம்பள உயர்வு.

போன வருடம் ஏப்ரலில் இங்க்ரிமென்ட் கடிதம் கொடுத்த அன்று மாலை, இரண்டாம் லைனில் வேலை செய்யும் ஒரு பெண் வந்து நின்றார். முந்தைய வருடக் கடிதத்தையும் கையில் வைத்திருந்தார். "சார், போன வருசம் 4.4. இந்த வருசம் 3.2. நான் என்ன தப்பு செஞ்சேன்னு மட்டும் சொல்லுங்க. திருத்திக்கிறேன்" என்றார்.

ஜூன் மாதம் அவரை முதல் லைனிலிருந்து இரண்டாம் லைனுக்கு மாற்றியிருந்தோம். இரண்டு லைனிலும் ஒரே மாதிரி சிஎன்சி லேத், ஒரே மாதிரி பாகம். பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் லைனில் இருந்தபோது அவருடைய ரிஜெக்‌ஷன் நூற்றுக்கு 1.1. இரண்டாம் லைனில் 1.0. ஒரு ஷிஃப்டுக்கான பீஸ் எண்ணிக்கையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மாறியது மார்க் போட்ட கை மட்டும்தான்.

எங்கள் விதிப்படி 4-ம் அதற்கு மேலும் இருந்தால் 8 சதவீத உயர்வு, 3 முதல் 4-க்குள் 5 சதவீதம், 3-க்குக் கீழே 2 சதவீதம். அவருக்கு 18,000 ரூபாய் சம்பளம். 1,440 கிடைக்க வேண்டிய இடத்தில் 900 கிடைத்தது. மாதம் 540 என்றால் வருடத்துக்கு 6,480. அது அடிப்படைச் சம்பளத்தில் உட்கார்ந்துகொள்வதால், அடுத்த வருட உயர்வும் இந்தக் குறைந்த தொகையின் மேல்தான் வரும்.

அன்று ராத்திரி 42 பேரின் அப்ரைசல் தாளையும் எக்செலில் ஏற்றி, சூப்பர்வைசர் வாரியாகச் சராசரி எடுத்தேன். பெயர் A பத்தியில், லைன் B-யில், மார்க் C-யில் இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
=AVERAGEIF(B:B,B2,C:C)
```

முதல் லைன் 4.4, இரண்டாம் லைன் 3.1, மூன்றாம் லைன் 3.6 என்று வந்தது. மூன்றாம் லைனில் இன்னொன்றையும் கவனித்தேன். 14 பேரும் 3.4-க்கும் 3.8-க்கும் நடுவிலேயே இருந்தார்கள். 20 வருடம் லேத்தில் நின்றவரும் போன தீபாவளிக்குச் சேர்ந்த பையனும் ஏறக்குறைய ஒரே மார்க். முதலாமவர் தாராளக்காரர், இரண்டாமவர் கறார், மூன்றாமவர் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர். தாளைப் பார்த்தால் ஆபரேட்டரைவிட சூப்பர்வைசரின் சுபாவம்தான் முதலில் தெரிந்தது.

இது எங்கள் பட்டறைக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும். அதில் 4,492 மேலாளர்களுக்கு, ஆளுக்கு இரண்டு மேலதிகாரி, இரண்டு சக ஊழியர், இரண்டு கீழ்வேலைக்காரர் என்று மார்க் போட்டிருந்தார்கள். மார்க்குகளுக்கு இடையே இருந்த வித்தியாசத்தில் பாதிக்கும் மேலான பங்கு, போட்டவரின் தனிப்பட்ட வழக்கத்திலிருந்து வந்தது. வேலைத்திறமையின் பங்கு அதைவிட மிகவும் குறைவு. ஒரே ஆளைப் பலர் மதிப்பிட்டதால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நமக்கே உதவும்.

எங்களிடமே இன்னொரு சாட்சி இருந்தது. தாளில் ஐந்து தலைப்பு: வேலைத் தரம், உற்பத்தி, நேரந்தவறாமை, பாதுகாப்பு, ஒத்துழைப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, ஐந்தின் சராசரிதான் இறுதி மார்க். இதில் நேரந்தவறாமைக்கு வாசலில் விரல் வைக்கும் மெஷின் பதிவு இருக்கிறது. முதல் லைனில் ஒருவர் வருடத்தில் 2 நாள் தாமதம், இன்னொருவர் 19 நாள். இருவருக்கும் 5 விழுந்திருந்தது. அந்தப் 19 நாள்காரர் நல்ல வேலைக்காரர், எல்லோருக்கும் பிடித்தவர். ஒரு நல்லது மற்ற எல்லாக் கட்டத்துக்கும் வெளிச்சம் போட்டுவிடுகிறது. எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-இல் இதற்கு ஒளிவட்டப் பிழை என்று பெயர் வைத்தார். ராணுவ அதிகாரிகளின் மதிப்பீட்டுத் தாள்களில் உடற்கட்டு, அறிவு, தலைமை, குணம் என்று தனித்தனித் தலைப்புகள் ஒன்றோடொன்று நம்ப முடியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டு போவதை அவர் கண்டார். உங்கள் இடத்தில் சோதிக்க வேண்டுமென்றால், பதிவு உள்ள ஒரு தலைப்பை எடுத்து மார்க்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

சரி, திருத்துவது எப்படி? மேனேஜர் முன்னால் நான்கு வழிகள் வந்தன.

முதலில் வந்தது பெல் கர்வ். ஒவ்வொரு லைனிலும் மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர், நடுவில் பத்துப் பேர் என்று கட்டாயமாகப் பிரித்துவிடுவது. இதனால் தாராளக்காரர், கறார்க்காரர் என்ற சிக்கல் ஒரே நாளில் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் 14 பேர் உள்ள லைனில் 14 பேரும் நன்றாக வேலை செய்தாலும் இரண்டு பேர் கீழே போயாக வேண்டும். யார் அந்த இரண்டு பேர் என்று தேர்ந்தெடுப்பதும் அதே சூப்பர்வைசரின் அதே கண்தான். ஒளிவட்டம் அப்படியே இருக்கும், ஆளைக் கீழே தள்ளும் அதிகாரமும் அதோடு சேர்ந்துகொள்ளும். பக்கத்து மெஷின்காரருக்குச் செட்டிங் சொல்லிக்கொடுத்தால் நம் இடம் போய்விடும் என்ற நினைப்பும் வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் இந்த முறையைப் பல வருடம் வைத்திருந்து 2013-இல் கைவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டத்திலேயே அந்த நிலை என்றால், 14 பேருக்கு இது வேண்டவே வேண்டாம் என்று நான் எழுதிக்கொடுத்தேன்.

இரண்டாவது வழியைச் சொன்னவர் எங்கள் கணக்காளர். சூப்பர்வைசரின் சராசரியைக் கழித்துவிட்டு, மொத்தச் சராசரியைக் கூட்டிவிட வேண்டும்:

```
=C2-AVERAGEIF(B:B,B2,C:C)+AVERAGE(C:C)
```

எளிது, காசு செலவில்லை, யாரையும் கூப்பிட்டுப் பேச வேண்டியதில்லை. அந்த இரண்டாம் லைன் பெண்ணின் 3.2 உடனே 3.8 ஆகிவிடும். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் இந்தச் சூத்திரம் ஒன்றை வாய்விட்டுச் சொல்லாமல் எடுத்துக்கொள்கிறது: மூன்று லைனும் திறமையில் சமம் என்று. எங்கள் இடத்தில் அது உண்மையில்லை. முதல் லைனில் பழைய ஆட்கள் அதிகம். புதிதாகச் சேருகிறவர்களை வழக்கமாக இரண்டாம் லைனில்தான் விடுவோம். அப்படியிருக்க 1.3 வித்தியாசத்தையும் துடைத்தெடுத்தால், உண்மையிலேயே நன்றாகச் செய்தவர்களிடமிருந்து பிடுங்கியதாக ஆகும்.

சிலர் இன்னும் ஒரு படி போய், மார்க்கின் பரவலாலும், அதாவது மார்க்குகள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவாலும், வகுத்துவிடச் சொல்வார்கள். மூன்றாம் லைனை வைத்துப் பார்த்தால் அதன் ஆபத்து புரியும். அங்கே பரவல் 0.15-தான். ஐந்து தலைப்பில் ஏதோ ஒன்றில் 3-க்குப் பதில் 4 போட்டால் சராசரி 0.2 ஏறும். அந்த ஒரே ஒரு டிக், வகுத்த பிறகு ஒரு முழுப் பரவலுக்கும் மேலான உயர்வாகத் தெரியும். தூக்கக் கலக்கத்தில் போட்ட டிக்காக இருந்தாலும், அந்த ஆள் பட்டறையிலேயே சிறந்தவர் ஆகிவிடுவார். மூன்றாம் லைனின் தாளில் யார் நல்லவர் என்ற செய்தியே இல்லை. இல்லாததை எந்தச் சூத்திரமும் வெளியே எடுக்காது.

ஆனாலும் கணக்கை அதோடு நான் விடவில்லை. அந்த 2000-ஆம் ஆண்டு ஆய்வில் ஒரே ஆளைப் பலர் மதிப்பிட்டார்கள் அல்லவா? எங்களிடமும் அப்படிச் சிலர் இருந்தார்கள். அந்த வருடம் முதல் லைனிலும் இரண்டாம் லைனிலும் குறைந்தது இரண்டிரண்டு மாதம் வேலை செய்தவர்கள் ஆறு பேர். இரண்டு சூப்பர்வைசரிடமும் அந்த ஆறு பேருக்குத் தனித்தனியாக மார்க் வாங்கினேன். முதல் சூப்பர்வைசர் போட்டவை 4.6, 4.4, 4.4, 4.2, 4.2, 4.0. அதே ஆட்களுக்கு, அதே வரிசையில், இரண்டாமவர் போட்டவை 3.8, 3.4, 3.2, 3.6, 3.0, 3.4. சராசரி 4.3-க்கு எதிரே 3.4. ஆறு பேரிலும் வித்தியாசம் ஒரே பக்கம், 0.6-லிருந்து 1.2 வரை. ஆட்கள் அதே ஆட்கள் என்பதால் இந்த 0.9 முழுக்க முழுக்கக் கையின் வழக்கம்.

லைன்களுக்கு நடுவில் மொத்த வித்தியாசம் 1.3. அதில் 0.9 வழக்கம் என்றால், மீதி 0.4 உண்மையிலேயே லைன்களின் வித்தியாசம். பழைய ஆட்கள் உள்ள லைன் கொஞ்சம் மேலே இருப்பது இயல்புதானே. சராசரியைக் கழிக்கும் முறை இந்த 0.4-ஐயும் சேர்த்து விழுங்கியிருக்கும். பொதுவான ஆட்களை வைத்துப் பார்த்ததால் எவ்வளவு திருத்த வேண்டுமோ அவ்வளவு மட்டும் திருத்த முடிந்தது. இரண்டாம் லைன்காரர்கள் எல்லோருக்கும் 0.9 கூட்டினோம். பொதுவான ஆட்கள் ஆறு பேரைவிடக் குறைவாக இருந்தால் இந்த முறையை நான் நம்ப மாட்டேன். வித்தியாசம் சிலருக்கு மேலேயும் சிலருக்குக் கீழேயும் வந்தாலும் நம்ப மாட்டேன். அப்படி வந்தால் அது தாராளம், கறார் என்ற விஷயமே இல்லை, இருவரும் வேறு வேறு குணங்களைப் பார்த்து மார்க் போடுகிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது வழி, ஆளுக்கு இரண்டு பேரை மார்க் போட வைப்பது. ஒருவரின் வழக்கத்தை இன்னொருவரின் வழக்கம் ஓரளவு சரிக்கட்டும். ஆனால் இரண்டாவது ஆள் வேலையைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரைப் போடச் சொன்னால், அவர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு "ஆள் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார். அப்படிப் போட்டால் ஒரே மார்க்கை இரண்டு கையெழுத்தில் எழுதியதாகத்தான் ஆகும். எங்களிடம் உண்மையிலேயே பார்க்கிற இன்னொருவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஷிஃப்டுக்கு நாலைந்து முறை ஒவ்வொரு மெஷினுக்கும் போகிறார். பாதுகாப்பு, ஒத்துழைப்பு இரண்டு தலைப்புக்கு மட்டும் அவரிடமும் தனியாகத் தாள் வாங்குவது என்று முடிவானது. மூன்று லைனுக்கும் அவர் ஒருவரே என்பதால் இன்னொரு லாபமும் உண்டு. லைன்களை ஒப்பிட ஒரே அளவுகோல் கிடைக்கிறது.

நான்காவது வழிதான் அதிக நேரம் எடுத்தது. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுதான். மார்க் போடுவதற்கு முன்பே, எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று மூவரும் ஒத்துப்போவது.

எங்கள் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. 3-க்குப் பக்கத்தில் 'சேட்டிஸ்ஃபேக்டரி' என்று போட்டிருக்கும். முதல் சூப்பர்வைசரிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "தரக்கேடில்லா" என்றார். பரவாயில்லை ரகம், யாருக்கும் போட மனசு வராத மார்க். இரண்டாமவர் "கொள்ளாம்" என்றார். அவருக்கு அது ஒரு பாராட்டு. ஒரே எண், இரண்டு அர்த்தம். தமிழ்க்காரர்களும் மலையாளிகளும் கலந்து வேலை செய்யும் ஊரில் இது தினமும் நடக்கிறது. ஆனால் இங்கே இரண்டு பேருமே மலையாளிகள்தான். அதனால் மொழி ஒன்றாக இருக்கும் இடங்களிலும் இதே கோளாறு இருக்கும், யாருக்கும் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மதியம் மூவரையும் உட்காரவைத்து, நானே கற்பனையாக எழுதிய ஒரு ஆபரேட்டரின் விவரத்தைக் கொடுத்தேன். 'ஒரு மாதத்தில் இரண்டு முறை தாமதம். ரிஜெக்‌ஷன் ஒரு சதவீதம். வெட்டும் முனையான இன்சர்ட் தேய்ந்ததைத் தானே கவனித்து மாற்றினார். ஒருமுறை அளவு பார்க்கும் கேஜ் வைக்காமல் 40 பீஸ் ஓட்டிவிட்டார், பிறகு தானே வந்து சொன்னார்.' வேலைத் தரத்துக்கு மட்டும் மார்க். பேசக் கூடாது, முதலில் காகிதத்தில் எழுதி மடித்து வைக்க வேண்டும். இந்த மடித்து வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் சர்வீஸ் அதிகம் உள்ளவர் சொல்வதையே மற்றவர்களும் சொல்லிவிடுவார்கள். கூடிப் பேசித் திருத்தும் முறைகள் பெரும்பாலும் கெட்டுப்போவது அந்த இடத்தில்தான்.

பிரித்தபோது 4, 2, 3 இருந்தது. காரணம் கேட்டேன். இன்சர்ட் மாற்றியதற்கு மார்க் கொடுத்தேன் என்றார் முதலாமவர். இரண்டாமவர் உடனே, "அது அவன்டெ ஜோலியல்லே? அதுக்கு எதுக்கு சேட்டா மார்க்?" என்றார். 40 பீஸ் விஷயத்தில் முதலாமவர், "வந்து ஒத்துக்கிட்டான்ல" என்றார். "ஒத்துக்கிட்டா பீஸ் சரியாகுமோ?" என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னார், 4 போட்டால் ஏன் என்று மற்றவன் வந்து கேட்பான், 2 போட்டால் அவனே வந்து கேட்பான், 3 போட்டால் யாரும் கேட்பதில்லை என்று. அதுவரை அவர் சோம்பேறித்தனமாகப் போடுகிறார் என்று நினைத்திருந்தேன். காரணம் எழுத ஓர் இடமும், அதற்குத் துணை நிற்க ஒருவரும் இல்லாததுதான் அவருடைய பிரச்சினை.

அன்றும் அடுத்த சனிக்கிழமையும் சேர்ந்து, 'வேலைத் தரம்' என்ற வெறும் சொல்லை எடுத்துவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய நடத்தைகளாக எழுதினோம். 2 என்றால், சொன்னால்தான் கேஜ் வைக்கிறார். 3 என்றால், குறித்த நேரத்தில் கேஜ் வைக்கிறார், அளவு தப்பினால் கூப்பிடுகிறார். 4 என்றால், அளவு ஓரத்துக்குப் போகும்போதே கவனித்து, தப்புவதற்கு முன்னால் மெஷினில் ஆஃப்செட்டை, அதாவது கருவியின் நிலையைத் திருத்துகிறார். 5 என்றால், இதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து அவரும் செய்கிறார். இப்படி நடத்தையைப் படியாக எழுதிவைக்கும் முறையை 1963-இலேயே இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் எழுதிய பட்டியலைப் பார்த்துக் காப்பியடித்தால் மட்டும் பயன் இருக்காது. எங்கள் சூப்பர்வைசர்கள் சண்டை போட்டு எழுதிய சொற்கள் என்பதால்தான் அவர்கள் அதைப் பின்பற்றினார்கள். தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்தோம்.

பதிவு உள்ள தலைப்புகளை மனிதர்கள் மதிப்பிட வேண்டாம் என்றும் முடிவெடுத்தோம். நேரந்தவறாமை வாசல் மெஷினிலிருந்து வரும், உற்பத்தி லாக் புத்தகத்திலிருந்து வரும். ரிஜெக்‌ஷனையும் அப்படியே எடுக்கலாமே என்று கணக்காளர் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வார்ப்பில் காற்றுக் குழி இருந்து போகும் பீஸும் அதில் எண்ணப்படுகிறது. மோசமான வார்ப்பு லோடு எந்த மெஷினுக்குப் போகிறதோ அந்த ஆபரேட்டர் தலையில் விழும். வார்ப்புக் குறையையும் கடைசல் குறையையும் இன்ஸ்பெக்டர் தனித்தனியாக எழுத ஆரம்பித்த பிறகுதான் அந்த எண்ணைத் தொடலாம். இப்போது எழுதுகிறார்.

ஆக, எங்கள் அளவுள்ள இடத்துக்கு என் தேர்வு இதுதான். இந்த வருடத்துக்கு நடத்தைப் படிகள், அதோடு இரண்டு தலைப்புக்கு இன்ஸ்பெக்டரின் தனித் தாள். கையில் ஏற்கெனவே இருக்கும் பழைய மார்க்கைத் திருத்தப் பொதுவான ஆட்களை வைத்துச் செய்த கணக்கு. பெல் கர்வ் இல்லை, கண்மூடித்தனமாகச் சராசரியைக் கழிப்பதும் இல்லை. ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல லைன்களில் கலந்து வைத்திருக்கும் பெரிய தொழிற்சாலையாக இருந்தால், சராசரி கழிப்பது மலிவான, போதுமான வழி என்று சொல்வேன். யாருமே லைன் மாறாத இடமாக இருந்தால் பொதுவான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். அங்கே வருடத்தில் சில வாரங்களாவது நாலைந்து பேரை வேண்டுமென்றே மாற்றி வைக்க வேண்டும்.

இங்க்ரிமென்ட் விதியிலும் ஒரு மாற்றம் கேட்டு வாங்கினேன். 4.0-க்கு 8 சதவீதம், 3.8-க்கு 5 சதவீதம் என்ற படிக்கட்டு, ஒரு டிக்கை 540 ரூபாயாக்குகிறது. மொத்தத் தொகையை மாற்றாமல், மார்க் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்வும் ஏறும்படி 4 முதல் 7 சதவீதம் வரை சாய்வாக ஆக்கினோம். மார்க்கில் எஞ்சியிருக்கும் சின்னத் தப்பு சின்ன ரூபாயாகவே இருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் லைன் மார்க் திருத்திய பிறகு 4.1 ஆனது. முதல் லைன்காரர் போட்ட 4.4-ஓடு சேர்த்துச் சராசரி 4.25. உயர்வு 6 சதவீதம், அதாவது 1,080 ரூபாய். பழைய விதியில் கிடைத்திருக்க வேண்டிய 1,440 அல்ல, அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். கணக்கு எழுதிய தாளையும் காட்டினேன். ஆறு பேரின் இரண்டு வரிசை எண்களையும் விரலால் தொட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுல மூணாவதா இருக்கறது நான்தானே சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்த ஏப்ரலில் புதுத் தாள்கள் வந்தன. மூன்றாம் லைனில் மிகக் குறைந்த மார்க் 2.6, மிக அதிகம் 4.4. ஒவ்வொரு 4-க்கும் 2-க்கும் பக்கத்தில், தேதி போட்டு, இரண்டு வரி எழுதியிருந்தது.